நான் சொன்னது இந்த டேபிள்ல எங்க? திறந்த பதில்களை எண்ணிய கதை

போன வருஷம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றி ஒரு சர்வே எடுத்தோம். எடுத்தோம் என்றால், "நீதான் ஐடில இருக்கியே, நீயே பண்ணிடு" என்று என் தலையில் கட்டினார்கள். ஒரு கூகுள் ஃபார்ம், ஒரே கேள்வி: தண்ணீர் விஷயத்தில் என்ன மாற வேண்டும்? கட்டம் எதுவும் கொடுக்கவில்லை, அவரவர் வார்த்தையில் எழுதலாம். 186 பதில்கள் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஒரு வகை போட்டேன். தரம் சரியில்லை, அளவு போதவில்லை, லாரிச் செலவு, கசிவு, மற்றவை. எண்ணி டேபிள் போட்டு, வகைக்கு ஒரு நல்ல மேற்கோளும் சேர்த்து சங்கக் கூட்டத்தில் காட்டினேன். "அளவு போதவில்லை" என்பதில் 58 பேர். உடனே பேச்சு இன்னொரு போர்வெல் போடலாமா என்று போய்விட்டது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "ஏன் தம்பி, நான் எழுதினது இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவர் நர்ஸ். அவர் எழுதியிருந்தது இதுதான்: "காலைல ஆறு மணிக்குத் தண்ணி விடறீங்க. நான் அஞ்சரைக்கே டூட்டிக்குக் கிளம்பிடறேன். எனக்கு எப்படிப் போதும்?" அதில் "போதும்" என்ற சொல்லைப் பார்த்து நான் அதை "அளவு" வகையில் தள்ளியிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த 58 பதில்களையும் திரும்பப் படித்தேன். 27 பேர் பேசியிருந்தது அளவைப் பற்றி அல்ல, தண்ணீர் விடும் நேரத்தைப் பற்றி. போர்வெல்லுக்குச் சில லட்சம் ஆகும். மோட்டார் போடும் நேரத்தை மாற்ற ஒரு பைசா ஆகாது.

அன்றைக்கு வந்த வெட்கத்தில்தான் இந்த வேலையின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சர்வே ஆட்களும் இதைக் "கோடிங்" என்றே சொல்கிறார்கள். நாங்கள் செய்கிற கோடிங் வேறு. இங்கே அதற்கு அர்த்தம், மனிதர் பேசிய பேச்சுக்கு ஒரு எண் கொடுப்பது. எந்தப் பேச்சுக்கு எந்த எண் என்று விதி எழுதி வைக்கிற ஏட்டுக்கு கோட்புக் என்று பெயர். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசியல் ஆய்வில் அரை நூற்றாண்டு நடந்த பெரிய சண்டை ஒன்று, கடைசியில் இந்தக் கோட்புக்கில் கோட்டை எங்கே போட்டார்கள் என்பதில்தான் வந்து நிற்கிறது.

கதை தொடங்குவது 1940-களில். அமெரிக்க விவசாயத் துறைக்குள் ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர் ஒரு சர்வே குழுவை நடத்திவந்தார். "மிகவும் ஒத்துக்கொள்கிறேன்" முதல் "கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை" வரை ஐந்து படி வைத்துக் கேட்பார்களே, அந்த லிக்கர்ட் அளவுகோலுக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். வேடிக்கை என்னவென்றால், அவருடைய குழு உயிராக நினைத்தது கட்டம் போட்ட கேள்வியை அல்ல, திறந்த கேள்வியை. ஆளைப் பேச விடு, அப்படியே எழுதிக்கொள், பிறகு வகை பிரி என்பது அவர்கள் கட்சி. இது செலவு, காலவிரயம், நாலு கட்டம் கொடுத்துக் கேட்டால் போதாதா என்றது எதிர்க்கட்சி. 1944-ல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் இரண்டு பேருக்கும் நடுவே சமாதானம் பேசுகிற தொனியில் ஒரு கட்டுரையே எழுதினார். போர் முடிந்ததும் லிக்கர்ட் குழு மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1946-ல் அங்கே சர்வே ஆய்வு மையத்தைத் தொடங்கியது. திறந்த கேள்விப் பழக்கமும் கூடவே போனது.

அந்தப் பழக்கத்தில் விளைந்ததுதான் 1956 தேர்தல் ஆய்வு. குடியரசுக் கட்சியின் ஐசனோவர், ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவன்சன். நாடு முழுக்க ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். மற்ற கேள்விகளோடு எட்டுத் திறந்த கேள்விகள் இருந்தன. ஜனநாயகக் கட்சியில் உங்களுக்குப் பிடித்தது ஏதாவது உண்டா? பிடிக்காதது? குடியரசுக் கட்சியில்? ஸ்டீவன்சனுக்கு ஓட்டுப் போடத் தூண்டுவது எது, தடுப்பது எது? ஐசனோவருக்கு? கேட்பவர் பதிலைக் கையால், முடிந்தவரை பேசியபடியே எழுதிக்கொள்ள வேண்டும். பதில் மொட்டையாக இருந்தால் "அப்படின்னா என்ன சொல்ல வர்றீங்க?" என்று ஒருமுறை தூண்டிக் கேட்க வேண்டும்.

இந்த எட்டுப் பதில்களை வைத்து அவர்கள் இரண்டு விதமான வேலை செய்தார்கள். முதலாவது வழக்கமான கோடிங். பதிலில் வரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு எண்: வரி, போர், ஐசனோவரின் நேர்மை, விவசாயிகளுக்கு உதவி என்று நீளமான பட்டியல். அந்த எண்கள் துளை அட்டைகளில் ஏறின. அன்றைய ஐபிஎம் அட்டைக்கு 80 பத்திதான், அதற்குள் ஒரு மனிதரை அடக்க வேண்டும். இரண்டாவது வேலைதான் புதிது. ஒருவர் எந்த விஷயத்தைப் பேசினார் என்பதை விட்டுவிட்டு, எப்படி யோசித்துப் பேசினார் என்று பார்த்தார்கள். இதற்கு அட்டையில் இருந்த எண் உதவாது. எட்டுப் பதிலையும் சேர்த்து வைத்து, கையெழுத்தில் இருந்த முழுப் பேட்டியைப் படித்தால்தான் முடியும். படித்துவிட்டு ஒவ்வொருவரையும் ஒரு நிலையில் வைத்தார்கள். சந்தேகம் வந்தால் தாராளமாகவே நடந்துகொண்டு, மேல் நிலைக்கே தள்ளினார்கள்.

1960-ல் ஆங்கஸ் கேம்ப்பெல், ஃபிலிப் கான்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ் நால்வரும் சேர்ந்து "தி அமெரிக்கன் வோட்டர்" என்ற புத்தகமாக இதை வெளியிட்டார்கள். 1964-ல் கான்வர்ஸ் எழுதிய கட்டுரையில் அந்த டேபிள் இன்னும் சுருக்கமாக வந்தது. எண்கள் அவர்களுடையவை, கடைசிப் பத்தியில் இருக்கும் விளக்கம் என் வார்த்தை:

| நிலை | எல்லோரிலும் | ஓட்டுப் போட்டவர்களில் | எப்படிப் பேசுவார் |
|---|---|---|---|
| சித்தாந்தி | 2.5% | 3.5% | கட்சிகளை இடது, வலது மாதிரி ஒரு பொது அளவுகோலில் வைத்து அளப்பவர் |
| அரைச் சித்தாந்தி | 9% | 12% | அந்தச் சொற்கள் வாயில் வரும், ஆனால் பிடி தளர்வு |
| குழு நலன் | 42% | 45% | எந்தக் கட்சி விவசாயிக்கு, தொழிலாளிக்கு, முதலாளிக்கு நல்லது என்று பார்ப்பவர் |
| காலத்தின் போக்கு | 24% | 22% | இவங்க ஆட்சியில் காலம் நல்லாப் போச்சு, அவங்க ஆட்சியில் சண்டை வந்தது |
| விஷயமில்லை | 22.5% | 17.5% | ஆளைப் பிடிக்கும், பரம்பரையா இந்தக் கட்சி, அல்லது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை |

அரசியல் ஆய்வில் இவ்வளவு வம்பு வளர்த்த டேபிள் குறைவு. நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான், பத்திரிகைகளும் தலைவர்களும் பேசுகிற அந்த "இடதுசாரி, வலதுசாரி" மொழியில் உண்மையிலேயே யோசிக்கிறார்கள் என்று அது சொன்னது. அப்படியென்றால் தேர்தல் முடிந்ததும் "மக்கள் வலதுசாரிக் கொள்கைக்குத் தீர்ப்பு அளித்துவிட்டார்கள்" என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன பொருள்? ஜனநாயகத்தின் அடியில் இருக்கிற கேள்வி இது. அதன் முழுப் பாரமும் அந்த 2.5-ல் நிற்கிறது. அந்த 2.5-ன் பாரம், ஒரு சிலர் பேட்டிகளைப் படித்து, "இவர் இங்கே, அவர் அங்கே" என்று எடுத்த முடிவில் நிற்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது, "அப்போ நானும் கான்வர்ஸும் ஒரே தப்பைத்தான் பண்ணினோமா?" என்பது. இல்லை. அவர்கள் ஒன்று செய்திருந்தார்கள், நான் செய்யவில்லை. அந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு நிலைக்கும் மாதிரிப் பேட்டிகளை, கேள்வியும் பதிலுமாக, நீளமாக அச்சிட்டிருந்தார்கள். அழகான ஒரு வரியைப் பொறுக்கிப் போடவில்லை. தடுமாற்றம், "தெரியலை", தூண்டிக் கேட்டது எல்லாம் அதில் இருக்கிறது.

சிகாகோவின் புறநகரில் வசித்த ஒரு பெண்ணின் பேட்டி மேல்நிலைக்கான மாதிரி. குடியரசுக் கட்சி பழமையைப் பேணுகிற கட்சி, திடீர் மாற்றத்துக்குத் தாவாதது என்கிறார். அரசு மருத்துவத்தை ஜனநாயகக் கட்சி ஆதரிப்பது பிடிக்கவில்லை என்கிறார். கையோடு, தான் டாக்டர் குடும்பத்தில் பிறந்தவள், அதனால் அப்படித் தோன்றலாம் என்றும் ஒத்துக்கொள்கிறார். ஒஹாயோவில் ஒரு பண்ணைக் குடும்பத்துப் பெண்ணின் பேட்டி குழு நலனுக்கான மாதிரி. ஜனநாயகக் கட்சி எப்போதும் விவசாயிக்கு உதவியிருக்கிறது, ஒரு விவசாயி எப்படி ஐசனோவருக்கு ஓட்டுப் போட முடியும் என்று எனக்குப் புரியவில்லை என்ற பொருளில் பேசுகிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் உங்களுக்கும் சண்டை போடத் தோன்றும். எனக்குத் தோன்றியது. டாக்டர் வீட்டுப் பெண் அரசு மருத்துவத்தை எதிர்ப்பது குழு நலன் இல்லையா? தன் வர்க்கத்துக்கு எது நல்லது என்று அவ்வளவு தெளிவாகச் சொல்லும் பண்ணைப் பெண் ஏன் ஒரு படி கீழே? ஆசிரியர்களிடம் பதில் உண்டு: முதலாமவர் கட்சிகளை அளக்க மாற்றம் என்ற பொதுவான கோலைப் பயன்படுத்துகிறார், இரண்டாமவர் தன் குழுவோடு நின்றுவிடுகிறார். ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அந்த மறுப்பைச் சொல்லும் வாய்ப்பை எனக்குக் கொடுத்ததே அந்த மேற்கோள்கள்தான். வெறும் 2.5%, 42% என்று மட்டும் இருந்திருந்தால் எதை வைத்து நான் சண்டை போடுவது?

மேற்கோள் இல்லாமல் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த சம்பவம். 1976-ல் நார்மன் நை, சிட்னி வெர்பா, ஜான் பெட்ரோசிக் மூவரும் "தி சேஞ்சிங் அமெரிக்கன் வோட்டர்" என்ற புத்தகம் எழுதினார்கள். 1956-ல் அப்படி இருந்த மக்கள் பிறகு மாறிவிட்டார்கள், 1964-ல் சித்தாந்தமாக யோசிப்பவர்கள் கிடுகிடுவெனக் கூடிவிட்டார்கள் என்பது அவர்கள் கண்டது. நம்பத் தகுந்த கதைதான். இனப் பிரச்சினை, வியட்நாம், நாடே கொதித்த காலம்.

ஆனால் அவர்கள் பழைய பேட்டித் தாள்களைப் படிக்கவில்லை. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான பேட்டிகளைத் திரும்பப் படிப்பது யாரால் முடியும்? அட்டையில் ஏறியிருந்த அந்த முதல் வேலையின் எண்களை எடுத்துக்கொண்டார்கள். "தாராளவாதி", "பழமைவாதி" மாதிரிச் சொற்களுக்கு உரிய எண் இருந்தால் சித்தாந்தப் பக்கம், குழுவின் எண் இருந்தால் குழு நலன் என்று கணக்குப் போட்டுப் பழைய நிலைகளைத் திரும்பக் கட்டினார்கள். ஒரு புரோகிராமராக எனக்கு இந்த ஆசை நன்றாகவே புரிகிறது. டேட்டா தயாராக இருக்கிறது, நாலு நிபந்தனை எழுதினால் வேலை முடிந்தது.

1980-ல் எரிக் ஸ்மித் இதைப் பிடித்தார். 1964-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். தன்னைப் பழமைவாதி என்று மேடைக்கு மேடை முழங்கிய மனிதர். அந்த வருஷம் ரேடியோவிலும் பேப்பரிலும் அந்தச் சொல்தான். கேட்டவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். சொல் வந்ததும் எண் ஏறியது, எண் ஏறியதும் ஆள் மேல்நிலைக்குப் போனார். கணக்கு அளந்தது மக்களின் யோசனை ஆழத்தை அல்ல, அந்தத் தேர்தலின் பேச்சு மொழியை என்பது ஸ்மித்தின் வாதம். நான் "போதும்" என்ற சொல்லைப் பார்த்து நர்ஸ் அம்மாவை "அளவு" வகையில் போட்டேனே, அதே தப்புதான், கொஞ்சம் பெரிய அளவில். 2008-ல் வந்த "தி அமெரிக்கன் வோட்டர் ரிவிசிட்டட்" ஆசிரியர்கள், 2000, 2004 தேர்தல்களுக்கு இந்த வகைப்பாட்டைச் செய்தபோது குறுக்குவழி போகாமல் பேட்டிப் பதில்களையே படித்தார்கள்.

இதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. இந்த மிச்சிகன் மரபில் வந்த அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில், அரசியல் அறிவைச் சோதிக்கச் சில பெயர்களைச் சொல்லி, இவர் இப்போது என்ன பதவியில் இருக்கிறார் என்று கேட்பார்கள். இதுவும் திறந்த கேள்வி. 2000-ல் அதில் ஒரு பெயர் வில்லியம் ரென்க்விஸ்ட். 1986-லிருந்து 2005-ல் இறக்கும்வரை அமெரிக்கத் தலைமை நீதிபதியாக இருந்தவர். ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார் என்று டேபிள் சொன்னது. மக்களுக்குத் தங்கள் உச்ச நீதிமன்றத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதற்கு இந்த மாதிரி எண்களையே சாட்சியாகக் காட்டினார்கள்.

ஜேம்ஸ் கிப்சன், கிரெகரி கால்டெய்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள், அந்த "தவறு" என்ற பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, ஆட்கள் சொன்ன மூலப் பதில்களை வாங்கிப் படித்தார்கள். அவர்கள் கட்டுரை 2009-ல் வந்தது. கோட்புக் விதிப்படி "தலைமை நீதிபதி" என்பதும் "உச்ச நீதிமன்றம்" என்பதும் இரண்டுமே பதிலில் இருந்தால்தான் சரி. ஒன்று குறைந்தால் தவறு. 1,555 பேரில் 400 பேர், அதாவது கால்வாசிப் பேர், அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி என்று சொல்லியும் "தவறு" பெட்டியில் கிடந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் முக்கியமான நீதிபதி அவர்தான், அங்கே பொறுப்பில் இருப்பவர் என்ற பொருளில் சொன்னவர்களுக்கும் அதே கதிதான். நம் ஊரில் ஒருவரிடம் கேட்டு, அவர் "சுப்ரீம் கோர்ட்ல பெரிய ஜட்ஜ்" என்று சொன்னால் தெரியாது என்றா எழுதுவோம்?

தவறு விதியைக் கடைப்பிடித்தவர்கள் மேல் இல்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக கோடிங் செய்திருந்தாலும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயிருக்கும். விதி அவ்வளவு தெளிவு. எல்லோரும் ஒத்துப்போய், எல்லோரும் சேர்ந்தே தப்பான கோட்டில் நின்றார்கள். அந்த டேபிளில் "தவறு" என்ற வரிக்குப் பக்கத்தில் மூன்றே மூன்று மூலப் பதில்கள் அச்சாகியிருந்தால், படித்த முதல் ஆளே கையைத் தூக்கியிருப்பார். இந்தக் குளறுபடி வெளியே வந்த பிறகு, அந்த ஆய்வை நடத்தியவர்கள் திறந்த பதில்களைக் கோடிங் செய்யும் முறையையே புதிதாக யோசிக்க வேண்டி வந்தது. பழைய பதில்களைத் திரும்பக் கோடிங் செய்தார்கள், பதில்களின் வாசகங்களை அடையாளம் மறைத்து வெளியிடத் தொடங்கினார்கள்.

சரி, என் 186 பதில்களுக்கு வருகிறேன். இதையெல்லாம் படித்த பிறகு அதைத் திரும்பச் செய்தேன். இந்தமுறை தனியாக இல்லை. நர்ஸ் அம்மாவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். "அங்கிள், நானும் பண்றேன்" என்றாள். இருவரும் ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல் முதல் 60 பதில்களைப் பிரித்தோம். "அளவு" என்ற வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 12 பதில்களில் இருவரும் "அளவு" என்றோம், 36-ல் இருவரும் "இல்லை" என்றோம். 8-ல் நான் மட்டும் போட்டிருந்தேன், 4-ல் அவள் மட்டும். 60-க்கு 48 ஒத்துப்போகிறது, 80 சதவீதம். பரவாயில்லையே என்று எனக்குப் பெருமை.

ஆனால் இதில் தற்செயல் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நான் மொத்தம் 20 பதிலில் "அளவு" போட்டேன், அவள் 16-ல். இருவரும் பதிலைப் படிக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு இதே விகிதத்தில் போட்டிருந்தாலும் ஏறக்குறைய 58 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். பெரும்பாலான பதிலுக்கு இருவரும் "இல்லை" என்றுதானே சொல்வோம்! மிச்சம் 42-ல் நாங்கள் உண்மையாகச் சம்பாதித்தது 22. பாதிதான். இந்தக் கணக்குக்குக் காப்பா என்று பெயர். ஜேக்கப் கோஹன் இதை வெளியிட்ட வருஷமும் 1960, "தி அமெரிக்கன் வோட்டர்" வந்த அதே வருஷம்.

```python
po = (12 + 36) / 60
pe = (20/60)*(16/60) + (40/60)*(44/60)
kappa = (po - pe) / (1 - pe)   # 0.526
```

மோதின 12 பதில்களையும் மேஜை மேல் பரப்பி உட்கார்ந்தோம். பெரும்பாலானவை ஒரே மாதிரி: "மேல் மாடிக்கு வர்றதுக்குள்ள நின்னுடுது", "நான் எந்திரிக்கறதுக்குள்ள தீர்ந்துடுது". இதில் குறை அளவா, நேரமா? அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் கோட்புக்கில் இப்படி எழுதினோம்: மணி, பொழுது, அல்லது அவருடைய அன்றாட வேலை பதிலில் வந்தால் "நேரம்". "போதல" என்ற சொல் இருந்தாலும் சரி. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் இரண்டு வகையிலும் போடு. மேல் மாடிக்கு வருவதற்குள் நிற்பது அழுத்தக் குறைவு, அதற்குத் தனி வகை. அடுத்த 60-ல் 55 ஒத்துப்போனது. ரென்க்விஸ்ட் கதை நினைவில் இருந்ததால் அதற்காகக் குதிக்கவில்லை.

ஒரு பதில் இரண்டு வகையில் வரலாம் என்று வைத்ததால் டேபிளில் கூட்டினால் 186-க்கு மேல் வரும். சங்கத்தில் ஒருவர் இதைக் கணக்குப் பிழை என்று பிடிப்பார் என்று தெரியும். அதனால் தலைப்பிலேயே "186 பேரில் இதைச் சொன்னவர்கள்" என்று எழுதிவிட்டேன். வகுக்கும் எண் ஆட்களா, சொல்லப்பட்ட விஷயங்களா என்பதைச் சொல்லாவிட்டால் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

மேற்கோள் விஷயத்தில்தான் பெரிய மாற்றம். முதல் தடவை நான் பொறுக்கியது எல்லாம் நன்றாக எழுதப்பட்ட வரிகள். வகைக்குப் பொருந்துகிறதா என்று யாருக்கும் சந்தேகமே வராத வரிகள். அவை அந்த வகையின் பிரதிநிதிகள் அல்ல, சினிமா போஸ்டர். இந்தமுறை ஒவ்வொரு வகைக்கும் இரண்டு மேற்கோளை மெஷினைக் குலுக்கி எடுக்கச் சொன்னேன்.

```python
df[df["code"] == "நேரம்"].sample(2, random_state=7)["answer"]
```

மூன்றாவது ஒன்றை நாங்களே தேர்ந்தெடுத்தோம், வேண்டுமென்றே எல்லையில் நிற்பதாக: எதை எந்தப் பக்கம் போடுவது என்று நாங்கள் அதிகம் அடித்துக்கொண்ட பதில். "மற்றவை" என்ற வரிக்கும் மேற்கோள் போட்டோம். டேபிளில் யாரும் படிக்காத வரி அதுதான், கோட்புக்கின் ஓட்டை தெரிவதும் அங்கேதான். ஊர், வீட்டு எண், வேலை மாதிரி ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டோம். நர்ஸ் அம்மா மட்டும் "என்னுது அப்படியே இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் புது டேபிள். "அளவு" 29, "நேரம்" 38, கீழே "அழுத்தம்" 14. எல்லை மேற்கோள்களைப் படித்ததும் இரண்டு பேர் எதிர்த்தார்கள். "நான் எந்திரிக்கறதுக்குள்ள தீர்ந்துடுது" என்பதை எப்படி நேரத்தில் போடலாம், தீர்ந்துபோனால் அது அளவுதானே என்றார் மூன்றாவது மாடிக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மாதிரிப் பதில்கள் எத்தனை என்று அங்கேயே எண்ணிப் பார்த்தோம். ஆறு. ஆறையும் அளவுப் பக்கம் தள்ளினால் அளவு 35, நேரம் 32.

போர்வெல் பேச்சு நிற்கவில்லை. ஆனால் முதலில் மோட்டாரைக் காலை நாலரைக்கும், ராத்திரி ஒன்பதுக்கும் போட்டு இரண்டு மாசம் பார்ப்பது என்று முடிவானது. இரண்டு மாசம் கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும். கோட்புக்கை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.